நம் தெருவுக்கு ஒரு வெள்ளக் கோடு

2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையில் எல்லோர் வாயிலும் ஒரே ஏரியின் பெயர்தான் இருந்தது: செம்பரம்பாக்கம். அன்றிரவு உச்சக்கட்டத்தில் விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி தண்ணீர் அங்கிருந்து திறந்துவிடப்பட்டது. அது திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்ந்து, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வழிநெடுக வீடுகளுக்குள் புகுந்தது.

அதே இரவில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஆனால் அந்த ஊர்கள் செம்பரம்பாக்கத்து உபரிநீர் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வந்த தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். வேளச்சேரியின் கணக்கோ முற்றிலும் வேறு. அதன் வெள்ளம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே கோவளம் முகத்துவாரம்வரை நடந்தால்தான் வடியும். செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்ற செய்தி சைதாப்பேட்டைக்காரருக்கு உயிர்த் தகவல். முடிச்சூர்க்காரருக்கும் வேளச்சேரிக்காரருக்கும் அதை வைத்துத் தங்கள் தெருவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

வானிலை மையம் மாவட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. பொதுப்பணி செய்பவர்கள் ஏரியைப் பற்றிச் சொல்கிறார்கள். நம் வீட்டுக் கேட்டில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்களால் சொல்லவும் முடியாது. அந்த இடைவெளியைத் தெருவாசிகளே நிரப்பிக்கொள்ளலாம். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஓர் அளவுநாடா, பத்துப் பதினைந்து மீட்டர் பிளாஸ்டிக் குழாய், ஒரு டப்பா பெயின்ட், ஆகஸ்டு முதல் அக்டோபர்வரை சில ஞாயிற்றுக்கிழமைகள் போதும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அதற்குள் முடிக்க வேண்டிய வேலை இது.

பழைய வெள்ளம் எதுவரை வந்தது?

முதல் வேலை, இதற்கு முன் வந்த வெள்ளங்களின் உயரத்தைச் சுவரில் கண்டுபிடிப்பது. வீடு வீடாகப் போய் "எத்தனை சென்டிமீட்டர் வந்தது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. கிடைத்தாலும் அது நம்பத்தக்கதாக இருக்காது. பயத்தில் பார்த்த தண்ணீர் நினைவில் ஏறிக்கொண்டே போகும். பொருளை வைத்துக் கேட்க வேண்டும். "எத்தனை படி முங்குச்சு?", "ஸ்கூட்டர் சீட்டு நனைஞ்சுதா?", "கேஸ் அடுப்பு வச்ச மேடைவரைக்கும் வந்துதா?", "கேட்டோட தாழ்ப்பாள் தெரிஞ்சுதா?" என்று கேட்டால், "தாழ்ப்பாள் தெரிஞ்சுது, அதுக்குக் கீழே நாலு விரல்" என்று துல்லியமாகச் சொல்வார்கள். அந்தத் தாழ்ப்பாள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கும். போய் அளந்துவிடலாம்.

சுவரில் பழுப்புக் கறை இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஓர் எச்சரிக்கை. சுவர் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். அதனால் சுண்ணாம்பு உரிந்திருக்கும் உயரம் வெள்ளத்தின் உயரம் ஆகாது. அது எப்போதும் கூடுதலாகவே காட்டும். பீரோவின் இரும்புப் பக்கத்திலும், ஓடு பதித்த சுவரிலும், மரக்கதவிலும் படிந்த சேற்றுக் கோட்டை நம்பலாம். கைப்பேசியில் எடுத்த பழைய படங்கள் அதைவிட உதவும். அவற்றில் எடுத்த நேரமும் பதிவாகியிருப்பதால், தண்ணீர் எத்தனை மணிக்கு எங்கே இருந்தது என்பதும் தெரியும்.

சென்னையின் தென்புறத் தெருக்களில் 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த மழை ஆகிய மூன்றையும் கேட்டு எழுதினாலே தெருவின் குணம் புலப்படும். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அதற்குக் குறைந்த மழையில் எது மூழ்கியது, எது தப்பியது என்ற ஒப்பீடுதான் நமக்கு வேண்டும்.

டியூப் லெவல்

ஒரு வீட்டில் "மூன்று படி", இன்னொரு வீட்டில் "ஜன்னல் திட்டு" என்று சேர்த்த தகவல்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குக் கைப்பேசியில் தெரியும் கடல்மட்ட உயரத்தைப் பயன்படுத்தவே கூடாது. அது மீட்டர் கணக்கில் பிழை காட்டும். நமக்குச் சென்டிமீட்டரில் விடை வேண்டும். கொத்தனார்கள் தினமும் பயன்படுத்தும் டியூப் லெவல்தான் சரியான கருவி. ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்.

முதலில், யாரும் இடிக்கவோ பூசவோ மாட்டார்கள் என்று தெரிந்த ஓர் உறுதியான சுவரில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் தெருவின் மூலக் கோடு. சாலையின் மிகப் பள்ளமான இடத்தைப் பூஜ்யம் என்று வைத்து, அதிலிருந்து சரியாக 100 சென்டிமீட்டர் உயரத்தில் இந்தக் கோடு இருக்கட்டும். சாலையையே நிரந்தர அடையாளமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த ஆண்டு புதுச் சாலை போட்டால் அது உயர்ந்துவிடும். சுவரில் உள்ள கோடு அசையாது.

குழாயின் ஒரு முனையை மூலக் கோட்டில் பிடித்து, மறுமுனையை அடுத்த வீட்டுச் சுவருக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஆடாமல் நின்றதும் சாக்பீசால் குறியிடுங்கள். அங்கிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெரு முழுக்கப் போய், எதிர்வரிசை வழியாகத் திரும்பி, புறப்பட்ட மூலக் கோட்டுக்கே வந்து சேர வேண்டும். கடைசியில் போட்ட குறி பழைய கோட்டிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் வேலை சரி. அதற்கு மேல் விலகினால் எங்கோ குழாயில் காற்றுக் குமிழ் இருந்திருக்கிறது, அல்லது யாரோ முனையைக் கட்டைவிரலால் மூடியபடியே பிடித்திருக்கிறார்கள். மறுபடி அளக்க வேண்டியதுதான். தண்ணீரில் கொஞ்சம் சொட்டுநீலம் கலந்தால் மட்டமும் குமிழும் தெளிவாகத் தெரியும்.

இனி ஒவ்வொரு வீட்டிலும் நான்கு உயரங்களை எடுத்துக்கொள்ளலாம்: சம்பின் மூடி, குளியலறைத் தரை, கூடத்துத் தரை, எல்லாவற்றிலும் தாழ்வான பிளக் பாயின்ட். குளியலறைத் தரையைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தரைத்தளங்களில் பல வீடுகளில் வெள்ளம் முதலில் வாசல் வழியாக வருவதில்லை. தெருவில் மட்டம் ஏறியதும் கழிவுநீர்க் குழாய் வழியே பின்னோக்கி ஏறி, குளியலறைத் தரையிலும் கழிப்பறையிலும் கொப்பளிக்கும். வாசலில் மணல்மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். மணல்மூட்டை வைப்பதென்றால் அதே நேரத்தில் குளியலறை வடிகால் வாயையும் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, மேலே பாரம் வைக்க வேண்டும்.

நாற்பது வீட்டுத் தெரு ஒன்றின் கணக்கு

அளந்த பிறகு என்ன தெரியவரும் என்பதை ஒரு மாதிரித் தெருவை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காகச் சொல்பவை. உங்கள் தெருவில் வேறாக இருக்கும்.

தெருவில் 40 வீடுகள். 2021-இன் கோடு 30 சென்டிமீட்டர், 2023-இன் கோடு 85, 2015-இன் கோடு 135. கூடத்துத் தரையைப் பார்த்தால், 6 வீடுகள் 45 சென்டிமீட்டரில் இருக்கின்றன. 15 வீடுகள் 50-க்கும் 80-க்கும் இடையில். 12 வீடுகள் 90-க்கும் 130-க்கும் இடையில். மீதி 7 வீடுகள் 140-க்கு மேல். இந்தக் கணக்குப்படி 2021-இல் ஒரு வீட்டுக் கூடத்திலும் தண்ணீர் ஏறவில்லை. 2023-இல் 21 வீடுகளிலும், 2015-இல் 33 வீடுகளிலும் ஏறியது.

2021-ஐப் "பாதிப்பில்லாத ஆண்டு" என்றே தெருவில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் சம்பு மூடிகளின் வரிசையைப் பார்த்தால் 11 வீடுகளின் மூடி 15-க்கும் 25-க்கும் இடையில் இருக்கிறது. அந்த 11 வீட்டுச் சம்புகளுக்குள்ளும் தெருச் சாக்கடை கலந்த தண்ணீர் போயிருக்கும். தெரியாமல் மோட்டார் போட்டவர்களின் மாடித் தொட்டிக்கும் அது ஏறியிருக்கும். ஆகவே இந்தத் தெருவின் மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை அந்த 11 சம்புகளின் வாயைச் சுற்றி மூன்று நான்கு வரிசை செங்கல் கட்டிப் பூசி, மூடியை 50 சென்டிமீட்டருக்கு மேலே உயர்த்துவது. ஒரு கொத்தனாரைப் பேசிப் பதினோரு வீட்டையும் சேர்த்து முடித்தால் கூலியும் குறையும்.

அடுத்து, தெருவைவிட்டு வெளியேறும் வழியையும் அளக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது. இந்த மாதிரித் தெரு பெரிய சாலையில் சேரும் முனை, தெருவின் பள்ளத்தைவிட 25 சென்டிமீட்டர் தாழ்வு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தெருவுக்குள் 20 சென்டிமீட்டர், அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே, தண்ணீர் நிற்கும்போதே முனையில் 45 சென்டிமீட்டர் நிற்கும். அது முழங்கால் அளவு. ஆட்டோ வராது, ஆம்புலன்ஸ் தயங்கும், திறந்து கிடக்கும் மேன்ஹோல் கண்ணுக்குத் தெரியாது. தரை 45-இல் இருக்கும் அந்த ஆறு வீட்டுக்காரர்களும் "வாசற்படிக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்தால், அவர்கள் கிளம்பும் நேரத்தில் வழி எப்போதோ அடைபட்டிருக்கும். வீடு மூழ்கும் அளவைவிட வழி மூழ்கும் அளவுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

அளவிலிருந்து முடிவுக்கு

தெருவின் பள்ளமான இடத்தில் உள்ள சுற்றுச்சுவரில் பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கோடுகள் வரைந்து எண் எழுதுங்கள். மூன்று பழைய வெள்ளங்களின் ஆண்டையும் அதில் குறியுங்கள். மாடியிலிருந்து டார்ச் அடித்தால் தெரியும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும். மின்கம்பத்திலோ இ.பி. பில்லர் பாக்ஸ் அருகிலோ வரையக் கூடாது. வெள்ள நேரத்தில் யாரும் நெருங்கக் கூடாத இடங்கள் அவை.

பிறகு கூடிப் பேசி, எந்தக் கோட்டில் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். நம் மாதிரித் தெருவுக்கு மூன்று முடிவுகள் போதும்.

முதல் முடிவு தண்ணீர் வருவதற்கு முன்பே எடுக்க வேண்டியது. வானிலை மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர்வரை பெய்தால் மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மிக கனமழைக்கான ஆரஞ்சு எச்சரிக்கையோ அதற்கு மேலான சிவப்பு எச்சரிக்கையோ வந்த மாலையே, இருட்டுவதற்கு முன், கார்களும் பைக்குகளும் மேட்டுப் பகுதிக்குப் போய்விட வேண்டும். மாடித் தொட்டியை நிரப்பிவிட்டு, சம்பு மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். படுக்கையில் இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜன் கருவியை நம்பி இருப்பவர்கள் அன்றே தெருவைவிட்டுப் போய்விட வேண்டும். மழை ஏமாற்றிவிட்டால் மறுநாள் திரும்பி வரலாம்.

இரண்டாவது முடிவு சுவரில் 10 என்ற கோட்டைத் தண்ணீர் தொட்டதும். முனையில் அப்போது 35 சென்டிமீட்டர் நிற்கும். தாழ்வான ஆறு வீடுகளில் இருப்பவர்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்பே பேசிவைத்த மாடி வீட்டுக்குப் போய்விட வேண்டும். எந்தக் குடும்பம் எந்த மாடிக்கு என்பதை மழைக்காலத்துக்கு முன்பே இரு வீட்டாரும் நேரில் பேசி ஒப்புக்கொண்டிருப்பது முக்கியம். "யார் வீட்டுக்காவது போகலாம்" என்று விட்டுவிட்டால், கூச்சத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. மூன்று நாளைக்கான அரிசி, குடிதண்ணீர், மாத்திரைகள், கைக்குழந்தைக்கான பால்மாவு ஆகியவை அந்த மாடியில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

மூன்றாவது முடிவு 35-ஆம் கோட்டில். தாழ்வான வீடுகளின் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். உயரமான வீடுகளுக்கு அவரவர் எண் வேறு. கூடத்துத் தரையின் அளவிலிருந்து 10 சென்டிமீட்டர் கழித்துக்கொண்டால் அதுதான் அந்த வீட்டின் எண். அதை ஒரு சீட்டில் எழுதி மெயின் பலகையருகே ஒட்டிவிடலாம். இங்கே அடிக்கடி மறக்கப்படுவது இன்வெர்ட்டர். தெருவில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் இன்வெர்ட்டர் அதன் பாட்டரியிலிருந்து வீட்டு வயரிங்குக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தாமல் தண்ணீரில் கால் வைப்பது உயிருக்கு ஆபத்து. இந்தக் கோட்டுக்குப் பிறகு யாரும் தெருவில் இறங்கி நடக்கக் கூடாது. இருக்கும் மாடியிலேயே இருந்து உதவிக்குக் காத்திருக்க வேண்டும். மாநில அவசரக் கட்டுப்பாட்டு எண் 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913.

தண்ணீர் ஏறும் வேகத்தையும் ஒருவர் குறித்துக்கொண்டிருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் ஏறினால், 10-ஆம் கோட்டிலிருந்து 35-ஆம் கோட்டுக்கு வர இரண்டரை மணி நேரம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு 5-ஆம் கோட்டில் நின்றுகொண்டு ஏறிக்கொண்டிருந்தால், 10 வரும்வரை காத்திருக்காமல் வெளிச்சத்திலேயே இரண்டாவது முடிவைச் செயல்படுத்திவிட வேண்டும்.

வடிகால் அடைபட்டதா, ஆறு நிரம்பியதா?

சென்னைக்கு ஜூலை முதல் செப்டம்பர்வரை மாலை நேர இடிமழை கிடைக்கும். அதைத் தெருவின் ஒத்திகையாகப் பயன்படுத்தலாம். பக்கவாட்டு நேராக இருக்கும் ஒரு பாத்திரத்தை மொட்டைமாடியின் நடுவில், கைப்பிடிச் சுவர் மறைக்காத இடத்தில் வைத்து, மழை நின்றதும் உள்ளே அளவுகோலை நட்டுப் பாருங்கள். பாத்திரத்தில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீரோ அத்தனை சென்டிமீட்டர் மழை. அதோடு, சுவர்க் கோட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இந்த நோட்டு பேசத் தொடங்க இரண்டு பருவங்கள் ஆகும். சென்ற ஆண்டு 5 சென்டிமீட்டர் மழை நான்கு மணி நேரத்தில் வடிந்தது, இந்த ஆண்டு அதே மழைக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது என்றால், இடையில் ஏதோ அடைத்திருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, தண்ணீர் நிற்கும்போதே குடையோடு வடிகாலின் போக்கில் நடந்து ஒவ்வொரு சிறுபாலத்திலும் இரு பக்கமும் பாருங்கள். மேல்பக்கம் தண்ணீர் தளும்பி நிற்க, கீழ்ப்பக்கம் தாழ்ந்து ஓடினால் அடைப்பு அந்தப் பாலத்துக்குள்தான். கட்டட இடிபாடு, பாலத்தின் குறுக்கே போகும் கேபிள் கட்டு, அதில் சிக்கிய பிளாஸ்டிக் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் தளும்பினால் அடைப்பு அங்கே இல்லை. அதற்கும் கீழே எங்கோ இருக்கிறது, அல்லது கால்வாயோ ஆறோ நிரம்பித் தண்ணீரை வாங்க மறுக்கிறது. கடலை ஒட்டிய பகுதிகளில் அமாவாசை, பௌர்ணமியையொட்டிய ஓதத்தின்போதும், புயல் கடலைத் தள்ளிக்கொண்டு வரும்போதும் இப்படி நடக்கும். அப்போது தெருவில் என்ன தூர்வாரினாலும் தண்ணீர் இறங்காது. மனிதர்களை மேலேற்றுவது ஒன்றுதான் வழி. மழை நின்ற பிறகும் சுவர்க் கோட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தால் அது வெளித் தண்ணீர் வருகிறது என்பதற்கான உறுதியான அடையாளம்.

அடைப்பைக் கண்டுபிடிப்பது தெருவாசிகளின் வேலை. உள்ளே இறங்கி எடுப்பது அவர்களுடைய வேலை அல்ல. மழைநீர் வடிகாலில் பல இடங்களில் கழிவுநீர் கலந்திருக்கிறது. மூடிய குழிக்குள் நச்சுவாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். எந்தத் தொழிலாளியையும் காசு கொடுத்து உள்ளே இறக்குவதும் தவறு; மனிதரைக் கழிவுநீர்க் குழிக்குள் அபாயகரமாக இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எந்தப் பாலம், இரு பக்கமும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம், எந்தத் தேதி, எவ்வளவு மழை என்று படத்தோடு வார்டு பொறியாளரிடம் செப்டம்பரிலேயே எழுதிக் கொடுங்கள். "எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது" என்ற மனு எல்லாத் தெருவிலிருந்தும் போகும். "இந்தப் பாலத்தின் இரு பக்கமும் 20 சென்டிமீட்டர் வித்தியாசம்" என்ற மனுவை வாங்கியவருக்கு, எந்த இடத்துக்கு இயந்திரத்தை அனுப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

காற்றுக்கான பட்டியல்

புயலில் தண்ணீரைவிடக் காற்று முந்திக்கொள்ளும் ஆண்டுகளும் உண்டு. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன; மின்சாரமும் கைப்பேசியும் பல பகுதிகளில் நாள்கணக்கில் இல்லை. அதனால் அளக்கும் வேலையோடு சேர்த்து மொட்டைமாடிகளையும் ஒருமுறை பார்த்து வரலாம். தளர்ந்த தகரக் கூரை, அடுக்கிவைத்த பழைய ஷீட், பூந்தொட்டி, கட்டாத டிஷ் ஆன்டெனா, விளம்பரப் பலகை ஆகியவற்றை எழுதிக்கொண்டு, உரிமையாளரிடம் சொல்லி அக்டோபருக்குள் கட்டவோ இறக்கவோ வைக்க வேண்டும். காலியான பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காற்றில் உருண்டு விழும். நிரப்பிய தொட்டி அசையாது. புயலுக்கு முன் அதை நிரப்பச் சொல்வதில் குடிதண்ணீரும் கிடைக்கிறது, பாரமும் கிடைக்கிறது. சாய்ந்த மரம், மின்கம்பியில் உரசும் கிளை ஆகியவற்றை நாமே வெட்டாமல், மாநகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

புயலின் மையம் நேராக நம் மேல் கடந்தால் காற்று திடீரென்று ஓயும். வெயில்கூட எட்டிப் பார்க்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடி அடிக்கும். ஓய்ந்த நேரத்தில் கம்பியையும் மரத்தையும் பார்க்கத் தெருவுக்கு வருபவர்கள் அதில் சிக்கிக்கொள்வார்கள். அதிகாரபூர்வமாகப் புயல் கடந்துவிட்டது என்று அறிவிக்கும்வரை யாரும் கீழே இறங்கக் கூடாது என்பதையும் தெருவின் முடிவுகளில் ஒன்றாகச் சேர்த்துவிடலாம்.

பட்டியலில் விட்டுப்போகிறவர்கள்

குடும்பப் பட்டியலை வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்தால் பாதிப்பேர் விடுபட்டுவிடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள், கட்டுமான இடத்தில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், வாட்ச்மேன் குடும்பம், கால்வாய்க்கரையில் குடிசை போட்டிருப்பவர்கள் ஆகியோர்தான் பெரும்பாலும் தெருவிலேயே தாழ்வான தரையில் தூங்குகிறார்கள். அவர்களுடைய தரையையும் அதே குழாயால் அளந்து, அவர்களுக்கும் ஒரு மாடியைப் பேசிவைக்க வேண்டும். எச்சரிக்கையை இந்தியிலோ தெலுங்கிலோ சொல்ல வேண்டியிருந்தால், யார் சொல்வது என்பதும் முடிவாகியிருக்கட்டும்.

தனியாக இருக்கும் முதியவர் யார், அவர் வீட்டு மாற்றுச்சாவி யாரிடம், யாருக்கு இன்சுலின் குளிரில் வைக்க வேண்டும் என்ற விவரங்களை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. அது அந்தக் குடும்பத்தின் அந்தரங்கம். தவறான கைக்குப் போனால் ஆபத்தும்கூட. காகிதத்தில் எழுதி, அவர்கள் ஒப்புதலோடு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். கோபுரங்களில் மின்சாரம் போனால் வாட்ஸ்அப் எப்படியும் வேலை செய்யாது. அதனால் அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மாலை, கைப்பேசியே இல்லாமல் செய்தியைத் தெரு முழுக்கக் கொண்டுபோக எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஓர் ஒத்திகை பாருங்கள். ஒருவர் ஐந்து வீட்டுக் கதவைத் தட்டுவது என்று பிரித்துக்கொண்டால் நாற்பது வீட்டுக்கு எட்டுப் பேர் போதும். கதவு திறக்காத வீடு எது என்பது அன்றுதான் தெரியவரும்.

ஏன் ஆண்டுதோறும்?

ஒருமுறை அளந்துவிட்டால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. தெரு மாறிக்கொண்டே இருப்பதால் போதாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே புதுச் சாலை போட்டால், சாலை உயரும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஓரத்து வீடுகளின் தரையிலிருந்து கழிகிறது. பூஜ்யம் மாறியிருப்பதை மூலக் கோட்டிலிருந்து அளந்தால் உடனே தெரியும்: சென்ற ஆண்டு சாலைக்கும் கோட்டுக்கும் இடையே 100 இருந்தது, இந்த ஆண்டு 88 என்றால், 12 சென்டிமீட்டர் போய்விட்டது. அடுத்த முறை சாலை போடும்முன் பழையதைச் சுரண்டி எடுக்கச் சொல்லிக் கேட்க அந்த எண்ணே ஆதாரம். காலி மனையில் மண் நிரப்பிப் புதிதாக எழும் அடுக்குமாடி, இதுவரை அங்கே தங்கிய தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளும். புது வடிகால் நன்மையும் செய்யும். சேருமிடம் உயரமாக இருந்தால் தண்ணீரைத் திரும்பக் கொண்டும் வரும்.

இந்தக் கோட்டுக்கு எல்லையும் உண்டு. பழைய வெள்ளங்கள் எதுவரை வந்தன என்றுதான் அது சொல்லும். இனி வருவது அதைத் தாண்டாது என்று உறுதி தராது. ஏரி எப்போது திறக்கும் என்றும் அதற்குத் தெரியாது. அதனால் மேலே எந்த ஏரியின் தண்ணீர் நமக்கு வருகிறது என்பதைக் கண்டுபிடித்து, அதன் வெள்ள அறிவிப்பையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சைதாப்பேட்டையில் இருப்பவர், முழு உயரமான 24 அடியை நோக்கிச் செம்பரம்பாக்கம் ஏறுகிறதா என்று பார்க்கட்டும். வரதராஜபுரத்தில் இருப்பவர் ஆதனூர் ஏரி கலங்கல் வழிகிறதா என்று அந்த ஊரில் உள்ள ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பருவம் முடிந்து ஜனவரியில் பொங்கலுக்குத் தெரு கூடும்போது நோட்டைத் திறந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிவிடுங்கள்: தண்ணீர் எந்தக் கோடுவரை வந்தது? எந்த முடிவைத் தாமதமாக எடுத்தோம்? எந்த வீட்டுக் கதவைத் தட்ட மறந்தோம்? ஆகஸ்டில் அளவுநாடாவை எடுக்கும்போது வேலை அந்த மூன்று பதில்களிலிருந்து தொடங்க வேண்டும்.